கைடை மூடச் சொன்னார் எங்கள் ஹெச்.எம்., அதற்குப் பிறகு நோட்ஸ் எழுதக் கற்றுக்கொண்ட கதை

ப்ளஸ் டூ தொடங்கியதும் அநேகமாக எல்லாப் பள்ளியிலும் ஒரு பேச்சு நடக்கும். கைடைப் பார்த்து எழுதாதீர்கள், உங்கள் நோட்ஸை நீங்களே தயாரியுங்கள் என்பார்கள். எங்கள் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியிலும் ஜூன் மாதம் எங்கள் தலைமை ஆசிரியை அப்படிப் பேசினார். அவர் சொன்னது அத்தனையும் சரி என்று இன்றும் சொல்வேன். ஆனால் அந்தப் பேச்சை நம்பி இறங்கிய எனக்கு ஜூன் முதல் காலாண்டுத் தேர்வு வரை போன காலம் பெரும்பாலும் வீணாகத்தான் போனது. நோட்ஸ் எழுது என்று சொன்னவர்கள் நிறையப் பேர். எதை எழுத வேண்டும், எதை விட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்ல ஒருவரும் இல்லை. இந்த வருடம் எங்கள் தெருவில் ஒரு தங்கச்சி அதே திகைப்போடு நோட்டும் கையுமாக வந்து நின்றாள். அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் பணத்தைச் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளியில் பாடப்புத்தகம் இலவசமாகக் கிடைக்கும். கைடு அப்படியில்லை. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் இரண்டு தொகுதி, அப்புறம் கணக்கு, உயிரியல், தமிழ், ஆங்கிலம் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து அப்பா 2,400 ரூபாய் கொடுத்தார். லோடு இறக்கும் வேலை செய்பவர் அவர். கடைக்காரரிடம் குறைத்துக் கேட்கக்கூட இல்லை, பிள்ளை படிப்புக்கு என்று எண்ணிக் கொடுத்தார். அந்த வாரமே ஹெச்.எம். டீச்சர், கைடு வேண்டாம் என்கிறார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டீச்சர் ஹெச்.எம். ஆவதற்கு முன் பல வருடம் இயற்பியல் முதுகலை ஆசிரியராக இருந்தவர். விடைத்தாள் திருத்தும் முகாமுக்கும் போயிருக்கிறார். அதனால் பொதுவாகப் பேசாமல் நேராகக் கரும்பலகைக்குப் போய் வீட்ஸ்டோன் சமனச்சுற்றை வரைந்தார். இடது ஓரம் A, வலது ஓரம் C, மேலே B, கீழே D. A-யிலிருந்து B-க்கு P என்ற மின்தடை, B-யிலிருந்து C-க்கு Q. கீழ்வழியில் A-யிலிருந்து D-க்கு R, D-யிலிருந்து C-க்கு S. B-க்கும் D-க்கும் நடுவில் கால்வனாமீட்டர், A-க்கும் C-க்கும் நடுவில் மின்கலம். "பிள்ளைகளா, ஒரு வருஷம் திருத்தப் போனப்போ ஒரு கட்டுல தாள் தாளா இதே கேள்வி வந்தது. பாதிப் பேர் படத்துல R இருக்க வேண்டிய இடத்துல S, S இருக்க வேண்டிய இடத்துல R. ஆனா கீழே சமன்பாடு மட்டும் புத்தகத்துல இருக்கற மாதிரியே சரியா இருக்கு. அத்தனை பேருக்கும் ஒரே தப்பு எப்படி வரும்?" என்று கேட்டார். ஏதோ ஒரு கைடில் படம் தப்பாக அச்சாகியிருந்தது, எல்லோரும் அதையே மனப்பாடம் செய்திருந்தார்கள் என்றார்.

படம் மாறினால் என்ன கெட்டுவிடும் என்று ஒருத்தி கேட்டாள். டீச்சர் எண்களைப் போட்டுக் காட்டினார். P 10 ஓம், Q 20 ஓம், R 15 ஓம், S 30 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். P/Q = R/S என்பது சரியாக வருகிறது, இரண்டு பக்கமும் 1/2. மேல்வழியில் மொத்தம் 30 ஓம், அதில் B வரை 10. ஆக B-க்கு வருவதற்குள் மின்னழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கும். கீழ்வழியில் மொத்தம் 45, அதில் D வரை 15. அங்கேயும் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு புள்ளியிலும் ஒரே மின்னழுத்தம் இருப்பதால் கால்வனாமீட்டர் வழியாக மின்னோட்டம் பாயாது. இப்போது R-ஐயும் S-ஐயும் இடம் மாற்றிப் போட்டால், D வரை 45-இல் 30 ஆகிவிடுகிறது, மூன்றில் இரண்டு பங்கு. B-யும் D-யும் ஒரே மின்னழுத்தத்தில் இல்லை, முள் அசையும். அதாவது அந்தப் பிள்ளைகள் வரைந்த சுற்று சமனே ஆகவில்லை, ஆனால் கீழே சமன் நிபந்தனை எழுதியிருக்கிறார்கள். படத்துக்கு உரிய மதிப்பெண் போகிறது, படிகளும் படத்தோடு ஒட்டவில்லை. எண் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகியிருக்காது.

அப்புறம் எங்கள் பெரிய பயத்துக்கு வந்தார். சொந்த வார்த்தையில் எழுதினால் மார்க் குறைப்பார்கள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். கைடு வாங்குவதற்கே அதுதான் பாதிக் காரணம். இயற்பியல் விடைக்குறிப்பின் தொடக்கத்தில் திருத்துபவர்களுக்குப் பொதுக்குறிப்பு இருக்கும் என்றார். விளக்கம், காரணம், வரிசைப்படுத்தல் போன்ற விடைகளைக் கருத்து மாறாமல், எந்தக் குறிப்பையும் விட்டுவிடாமல் சொந்த நடையில் எழுதலாம் என்பது அதிலேயே இருக்கிறது. கணக்கில் சூத்திரத்தை எழுத விட்டுவிட்டாலும் மற்ற படிகள் சரியாக இருந்தால் அவற்றுக்கு மதிப்பெண் உண்டு. வரைபடத்தில் X அச்சு, Y அச்சு எந்த அளவைக் குறிக்கிறது என்று எழுதியிருக்க வேண்டும். இதை நான் பிறகு பழைய விடைக்குறிப்புகளில் தேடிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். நீங்களும் ஒருமுறை பாருங்கள், பயம் பாதி போய்விடும்.

இன்னொன்றும் சொன்னார். முன்பு எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் என்று ப்ளூபிரிண்ட் இருந்தது, இப்போது இல்லை. பாடத்தின் பின்னால் உள்ள கேள்விகளை மட்டும் கைடில் பார்த்து முடித்தால், பாடத்துக்கு உள்ளே இருந்து திருப்பிக் கேட்கும்போது கை நின்றுவிடும். இயற்பியல் தாள் 70 மதிப்பெண்ணுக்கு. ஒரு மதிப்பெண் 15, இரண்டு மதிப்பெண்ணில் 6, மூன்று மதிப்பெண்ணில் 6, ஐந்து மதிப்பெண்ணில் 5 எழுத வேண்டும். இரண்டிலும் மூன்றிலும் தலா ஒரு கேள்வி கட்டாயம் எழுத வேண்டியது, அதற்கு மாற்று கிடையாது. கைடில் இல்லாத கேள்வி அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டால் தப்பிக்க வழியில்லை. "அதனால நீங்களே படிச்சு நீங்களே நோட்ஸ் எழுதுங்க" என்று முடித்தார். மணி அடித்தது, வகுப்புக்குப் போய்விட்டோம்.

எனக்கு அந்தப் பேச்சு அப்படியே மனதில் ஏறிவிட்டது. கைடு எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டுப் பரண்மேல் வைத்தேன். நீளமான நோட்டுகள், நாலு கலர் பேனா, ஸ்கெட்ச் வாங்கினேன். இயற்பியல் முதல் பாடம் நிலைமின்னியலைத் தொடங்கினேன். புத்தகத்தை இடப்பக்கம் திறந்துவைத்து, பத்தி பத்தியாகப் படித்து, முக்கியம் என்று பட்டதை எழுதினேன். எல்லாமே முக்கியமாகப் பட்டது. தலைப்புக்குச் சிவப்பு, சூத்திரத்துக்குப் பச்சைக் கட்டம். அந்த ஒரு பாடத்துக்கே நோட்டு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. பள்ளியில் நான்காவது பாடம், மின்காந்தத் தூண்டல் நடந்துகொண்டிருந்தபோது நான் இரண்டாவது பாடத்தின் நடுவில் இருந்தேன். எங்கள் இயற்பியல் ஆசிரியர் பணியிடம் அந்த வருடம் காலி, வேறு பள்ளி ஆசிரியர் வாரத்தில் சில நாள் மட்டும் வந்து போவார். அவரிடம் இதைப் பற்றிக் கேட்க நேரம் கிடைக்காது. அம்மா என் நோட்டைப் புரட்டிப் பார்த்து, எழுத்து எவ்வளவு அழகா இருக்கு என்பார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

காலாண்டில் இயற்பியல் 70-க்கு 31. கைடைப் படித்த தோழிகள் ஐம்பதைத் தாண்டியிருந்தார்கள். அன்று டீச்சர் மேல் எனக்கு வந்த கோபத்தை மறைக்க விரும்பவில்லை. இவர் பேச்சைக் கேட்டுத்தானே இப்படி ஆனது, அப்பாவின் பணமும் போச்சு, மூன்று மாதமும் போச்சு என்று இரவெல்லாம் தூங்காமல் கிடந்தேன். பரணில் இருந்து கைடை எடுத்துவிடலாம் என்று ஏணி வரைக்கும் போனேன்.

எடுக்கும் முன், விடைத்தாளை ஒருமுறை முழுக்கப் பார்த்தேன். அதில் ஐந்து மதிப்பெண் கேள்வி அதே வீட்ஸ்டோன் சமனச்சுற்று. என் நோட்டில் அது இரண்டு பக்கத்துக்குக் கலர் கலராக இருக்கிறது. தேர்வில் படம் சரியாகப் போட்டிருக்கிறேன், அதற்குப் பிறகு D சந்தியில் வந்து நின்றிருக்கிறேன். கால்வனாமீட்டர் வழியாக வரும் மின்னோட்டம் D-க்குள் வருகிறதா வெளியே போகிறதா என்று தெரியவில்லை. நோட்டில் நானே எழுதியிருக்கிறேன், ஆனால் எழுதிய அன்று புத்தகம் பக்கத்தில் திறந்திருந்தது. கண் பார்த்தது, கை எழுதியது, நடுவில் யோசிக்க வேண்டிய தேவையே வரவில்லை. கைடைப் பார்த்து எழுதுவதற்கும் புத்தகத்தைப் பார்த்து எழுதுவதற்கும் இந்த விஷயத்தில் வித்தியாசமே கிடையாது. டீச்சரின் பேச்சில் இந்த ஒரு வரிதான் விடுபட்டிருந்தது.

அன்றிலிருந்து வேறு மாதிரி செய்தேன். முதலில் ஒரு தலைப்பை மட்டும் எடுத்து, எதையும் எழுதாமல் மெதுவாகப் படிப்பேன். புத்தகத்தை மூடி, கண்ணுக்குப் படாத இடத்தில் வைப்பேன். பழைய விடைத்தாளின் பின்பக்கமோ பில் தாளோ, ஏதாவது ஒரு ரஃப் தாளில் ஞாபகம் இருப்பதை எல்லாம் எழுதுவேன். நின்றுபோன இடத்தில் ஒரு கோடு போட்டு இடம் விட்டுத் தாண்டுவேன், புத்தகத்தைத் திறக்க மாட்டேன். முடிந்ததும் புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தப்பாக எழுதியதையும் சிவப்பில் திருத்துவேன். இப்போது நோட்டில் ஏற வேண்டியது அந்தச் சிவப்பு மட்டும்தான். எனக்குத் தானாக வந்துவிட்டதை நோட்டில் திரும்ப எழுத அவசியமில்லை.

வீட்ஸ்டோனுக்கு இப்படி எழுதிய நோட்ஸ் அரைப் பக்கம்கூட வரவில்லை. படம் ஒன்று, அதில் மின்னோட்டங்களுக்கு அம்புக்குறி: P-யில் I1, Q-வில் I3, R-இல் I2, S-இல் I4, கால்வனாமீட்டரில் IG. B-யில் I1 உள்ளே வருகிறது, IG-யும் I3-யும் வெளியே போகின்றன, ஆக I1 − IG − I3 = 0. D-யில் I2-வோடு IG-யும் உள்ளே வருகிறது, I4 வெளியே போகிறது, ஆக I2 + IG − I4 = 0. "B-யிலிருந்து கிளம்பியது D-க்குத்தான் வந்து சேர வேண்டும்" என்று பக்கத்தில் சிவப்பில் எழுதினேன். நான் நின்றுபோன இடம் அதுதான். ABDA சுற்றுக்கு I1P + IGG − I2R = 0, இதில் G என்பது கால்வனாமீட்டரின் மின்தடை. R வழியாக நாம் மின்னோட்டத்துக்கு எதிராகத் திரும்பி வருவதால் கழித்தல் குறி. ABCDA சுற்றுக்கு I1P + I3Q − I4S − I2R = 0. சமன் என்றால் IG = 0, அதனால் I1 = I3, I2 = I4. முதல் சுற்றிலிருந்து I1P = I2R கிடைக்கிறது. அதை இரண்டாவது சுற்றில் போட்டால் மிஞ்சுவது I1Q = I2S. வகுத்தால் P/Q = R/S. கடைசி வரியில் டீச்சர் போட்ட 10, 20, 15, 30. அடுத்த தலைப்பான மீட்டர் சமனச்சுற்றுக்கு இதே பக்கத்தின் அடியில் மூன்று வரிதான் தேவைப்பட்டது. R, S இருந்த இடத்தில் ஒரே சீரான கம்பி, அதன் நீளங்கள் l1, l2, ஆக P/Q = l1/l2. P-யையும் Q-வையும் இடம் மாற்றி இன்னொரு அளவீடு எடுத்துச் சராசரி பார்ப்பது, கம்பியின் முனைகளில் இருக்கும் மின்தடையால் வரும் பிழையை நீக்கத்தான். முதல் நோட்ஸில் இது முக்கால் பக்கம் பிடித்திருந்தது, ஆனால் ஏன் இடம் மாற்றுகிறோம் என்பது மட்டும் அதில் இல்லை.

ஒரு ஐந்து மதிப்பெண் கேள்விக்கு இந்த முறையில் அரை மணி நேரம் போல ஆகும். முதலில் இது ரொம்ப மெதுவாகத் தெரியும், ரஃப் தாள் வெள்ளையாகக் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு ஒன்றுமே தெரியாது போல என்று நெஞ்சு அடைக்கும். முதல் வாரம் தினமும் அப்படித்தான் இருந்தது. அந்த வெறுமையைப் பார்த்துப் பயந்து புத்தகத்தைத் திறந்துவிடாதீர்கள். தேர்வு அறையில் பார்க்கப்போவதை வீட்டிலேயே முன்கூட்டிப் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான். நோட்ஸ் சரியாக வருகிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி, அது எவ்வளவு நீளம் என்று பார்ப்பது. ஒரு பாடத்தின் நோட்ஸ் அந்தப் பாடத்தில் பாதி அளவுக்கு வந்தால் நீங்கள் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

எல்லாப் பாடத்துக்கும் இதைச் செய்யப் போகாதீர்கள், காலம் போதாது. கணக்குக்கு நான் நோட்ஸே எழுதவில்லை. எந்தக் கணக்கில் எந்தப் படியில் தவறினேன் என்று ஒரு பட்டியல் மட்டும் வைத்திருந்தேன். தமிழில் மனப்பாடச் செய்யுளுக்கு அடிமாறாமல் புத்தகத்திலேயே படிப்பதுதான் வழி. உயிரியலில் படத்தைப் பார்க்காமல் வரைந்து பாகம் குறித்து, விட்ட பாகத்தை மட்டும் எழுதிவைத்தேன். முழு உழைப்பும் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும்தான் போனது.

சொந்த நோட்ஸிலும் தப்பு வரும் என்பதை யாரும் சொல்வதில்லை. அது கைடில் இருக்கும் தப்பைவிட ஆபத்து, ஏனென்றால் நாமே எழுதியது என்று நம்பிவிடுவோம். மின் இருமுனையின் மின்புலத்துக்கு அச்சுக்கோட்டிலும் நடுவரைக்கோட்டிலும் எண்மதிப்பை எழுதி, திசையை இரண்டுக்கும் ஒன்றாகவே குறித்திருந்தேன். அச்சுக்கோட்டில் அது இருமுனைத் திருப்புத்திறனின் திசையிலும், நடுவரைக்கோட்டில் அதற்கு எதிர்த் திசையிலும் இருக்கும். என் நோட்டை வைத்து விடை எழுதிப் பார்த்த தோழிதான் கண்டுபிடித்தாள். அதிலிருந்து இருவரும் வாரம் ஒருமுறை நோட்டை மாற்றிக்கொண்டோம். அவள் என் நோட்ஸை மட்டும் பார்த்துவிட்டு விடை எழுதுவாள், நான் புத்தகத்தை வைத்துத் திருத்துவேன். அவள் எங்கே நிற்கிறாளோ அங்கே என் நோட்ஸில் ஏதோ குறை இருக்கிறது என்று பொருள்.

பரணில் இருந்த கைடையும் கடைசியில் இறக்கினேன். ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கும் கணக்குகளுக்கும் நான் போட்ட விடை சரிதானா என்று ஒத்துப்பார்க்க அது உதவியது. என் விடையும் கைடும் மாறுபட்டால் புத்தகத்தைத் திறந்து பார்ப்பேன், சில இடங்களில் கைடுதான் தப்பாக இருந்தது. ஆனால் அந்த வேலைக்கு ஆறு பாடத்துக்கும் கைடு தேவையே இல்லை. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் மட்டும், போன வருடம் முடித்த அக்காக்களிடம் பழையதாகக் கேளுங்கள். எங்கள் வீட்டில் அப்படிச் செய்திருந்தால் அந்த 2,400 ரூபாயில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். பழைய வினாத்தாள்கள் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் இணையதளத்திலும், பாடநூல்கள் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் தளத்திலும் காசில்லாமலே கிடைக்கின்றன.

அரையாண்டில் எனக்கு 52 வந்தது, பொதுத்தேர்வில் 63. காலாண்டில் தொலைத்ததை முழுக்கப் பிடிக்க முடியவில்லை. அணு மற்றும் அணுக்கரு இயற்பியலுக்கு நோட்ஸ் எழுதவே நேரம் கிடைக்காமல் புத்தகத்தை மட்டும் படித்துவிட்டுப் போனேன். நீங்கள் ஜூன், ஜூலையிலேயே மூடிவைத்து எழுதத் தொடங்கினால் அந்த நிலை வராது. அரையாண்டு முடிந்ததும் புது நோட்ஸ் எழுதுவதை நிறுத்திவிடுங்கள். திருப்புதல் தேர்வுகள் தொடங்கிவிடும், அப்போது ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் அதில் நின்றுபோன இடங்களை மட்டும் இருக்கிற நோட்டில் சேர்த்தால் போதும். ஒரு பக்கத்தைப் பார்க்காமலே முழு விடையும் எழுத வந்துவிட்டால் அதன் மேல் பென்சிலால் அடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள். பொதுத்தேர்வுக்கு முந்தின நாள் அடிக்காத பக்கங்களை மட்டும் எடுத்து உட்கார்ந்தால் ஒரே மாலையில் முடித்துவிடலாம்.